சீசன் முடியட்டும் என்று காத்திருந்தால் பில் செத்துவிடும்: நிலுவைக் காசுக்கு எழுதும் மூன்று கடிதங்கள்

விற்ற சாமானுக்கும் செய்த வேலைக்கும் காசு வராவிட்டால், இலங்கையில் வழக்குப் போட ஒரு வருடம்தான் அவகாசம். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச்சட்டம் அப்படிச் சொல்கிறது. காசு தர வேண்டிய நாளிலிருந்து கணக்கு ஓடும். கையொப்பமிட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தால் காலம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் நம் ஆட்களில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? பில் புத்தகம்தான் இருக்கும்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்குச் சாமான் கொடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். ஒரு தையல்காரர் திரைச்சீலையும் கட்டில் விரிப்பும் தைத்து, 2024 நவம்பர் 18இல் 1,86,000 ரூபாவுக்கு பில் கொடுக்கிறார் என்று வைப்போம். 30 நாள் தவணை. அப்படியென்றால் டிசம்பர் 18இல் காசு வந்திருக்க வேண்டும். "இப்ப மழை அண்ணே, மே மாசம் சீசன் தொடங்கினதும் தாறோம்" என்பார்கள். மே வந்தால் "செப்டெம்பர் முடியட்டும்". அதற்குள் ஒன்பது மாதம் போய்விடும். இவர் எத்தனை முறை போன் எடுத்தாலும் அந்த ஒரு வருடம் நிற்காது. வாயால் "தாறேன்" என்று சொன்னதால் அந்தக் கணக்கு மாறாது. கடன்பட்டவர் கையொப்பமிட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் புதிதாகத் தொடங்கும்.

ஆகவே முதல் கடிதம் ஜனவரியிலேயே போகட்டும். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் கையொப்பம் கேளுங்கள்:

"2024.11.18 திகதிய 42ஆம் இலக்க பில்லின்படி ரூபா 1,86,000 நிலுவையில் உள்ளது. இத்தொகை சரியென்று கீழே கையொப்பமிட்டு, தரும் திகதியையும் குறித்துத் தரவும்."

காசு இல்லாதவர்கள்கூட இதில் கையொப்பம் வைப்பார்கள், கொஞ்ச நாள் தவணை கிடைக்கும் என்பதற்காக. வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படத்தை நம்பியிருக்காதீர்கள். 20,000 ரூபா கையில் தந்தால், பற்றுச்சீட்டில் வெறுமனே "பெற்றுக்கொண்டேன்" என்று எழுத வேண்டாம். "42ஆம் இலக்க பில்லின் பகுதிக் கொடுப்பனவு, மீதி ரூபா 1,66,000" என்று எழுதி, அவரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.

பதில் இல்லையா? மார்ச்சில் இரண்டாவது. இதில் கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம்:

"ஜனவரியில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. பில்லில் எந்த உருப்படியிலாவது குறை இருந்தால் மார்ச் 31க்கு முன் எழுத்தில் அறியத்தரவும். இல்லையெனில் குறை ஏதுமில்லை என்று கருதுவேன்."

பிறகு, வழக்குக்கு முன் இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் மத்தியஸ்த சபையில் உட்கார்ந்துகொண்டு "துணி சாயம் போச்சு" என்று தொடங்குவார்கள். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து நீட்டலாம். "கொஞ்சம் குறைத்தாவது தாருங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்குப் பிறகு பேரம் அந்தக் குறைத்த தொகையிலிருந்துதான் தொடங்கும்.

மூன்றாவது கடிதம் மே மாதம், பதிவுத் தபாலில். இதுவரை முகாமையாளர் பெயருக்கு எழுதியிருந்தால் இனி அது போதாது. சீசனுக்கு ஒரு முகாமையாளர் மாறுவார். புதியவர் "எனக்குத் தெரியாது" என்பார். உரிமையாளர் யார், கம்பனி என்றால் அதன் பதிவு முகவரி எது என்று பார்த்து அங்கே அனுப்புங்கள். அது கொழும்பாக இருந்தாலும் சரி.

"இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் ரூபா 1,86,000 முழுவதும் செலுத்தாவிடில் மத்தியஸ்த சபையில் முறைப்பாடு செய்வேன். அங்கும் தீராவிடில் நீதிமன்றில் வழக்குத் தொடர்வேன்."

இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். "பொலிசில் பிடித்துக் கொடுப்பேன்", "பேஸ்புக்கில் போட்டு நாறடிப்பேன்" என்று எழுதினால் உங்கள் மீதே முறைப்பாடு வரலாம். பொலிசுக்குப் போனாலும் "இது சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்புவார்கள், அது உண்மையும்தான். நேரே நீதிமன்றம் போனால், இவ்வளவு சிறிய தொகைக்கு மத்தியஸ்த சபைச் சான்றிதழ் எங்கே என்பார்கள். கச்சேரியில் யாரும் இந்த ஒழுங்கைச் சொல்லித் தரமாட்டார்கள். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்புவது மட்டும் தவறாமல் நடக்கும்.

சொன்ன 14 நாள் முடிந்ததும் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். நாலாவது நினைவூட்டல் அனுப்பினால் மூன்றாவதை யார் நம்புவார்? பில்லின் பிரதி, மூன்று கடிதங்களின் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இணையுங்கள். மறுதரப்பு வராவிட்டாலோ இணங்காவிட்டாலோ, இணக்கமின்மைச் சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் எடுத்துக்கொண்டு, ஒரு வருடம் முடியும் 2025 டிசம்பர் 18க்கு நன்றாக முன்னதாகச் சட்டத்தரணியிடம் போங்கள். நவம்பர் கடைசியில் போனால் வழக்கைத் தயாரிக்க அவருக்கு நாள் காணாது.