கடுக்காய் சாறு, 0.54, "உறுதி செய்யப்பட்டது": டிஎல்சி ரிசல்ட் எழுதுறவங்களுக்கு

ஜவ்வாதுமலை கடுக்காயை அரைச்சு மெத்தனால்ல ஊறப்போட்டு டிஎல்சி ஓட்டுறது நம்ம வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பசங்களுக்கு புடிச்ச ப்ராஜெக்ட், தோல் பதனிட கடுக்காய் போடுற ஊர்ல அது நியாயமும் கூட. ஆனா ரிசல்ட்ஸ்ல மறுபடி மறுபடி வர்ற வரி இதுதான்: "ஆர்எஃப் 0.54. ஆய்வுக் கட்டுரையில் உள்ள மதிப்போடு ஒத்திருப்பதால் காலிக் அமிலம் உறுதி செய்யப்பட்டது." இந்த சீசன்லயும் ஒரு தம்பி அதையே எழுதிட்டு வந்தாரு, இனி எழுதாம இருக்க முடியல.

பிளேட்டை கொண்டுவாங்கன்னு சொல்லி நானே ஸ்கேல் வெச்சு அளந்தேன். பென்சில் கோடு போட்ட தொடக்கக் கோட்டுல இருந்து ஸ்பாட்டோட நடு 3.6 செ.மீ., கரைப்பான் ஏறி நின்ன கோடு 7.5 செ.மீ. வகுத்தா 0.48 தான் வருது. அப்போ 0.54 எங்கிருந்து வந்துச்சு? தொடக்கக் கோடு பிளேட்டோட அடி விளிம்புல இருந்து 1 செ.மீ. மேல இருக்கு, அந்த தம்பி ரெண்டையுமே விளிம்புல இருந்து அளந்திருக்காரு, 4.6-ஐ 8.5-ஆல வகுத்தா 0.54. தப்பா அளந்த எண் பேப்பரோட ஒத்துப்போச்சு, சரியா அளந்தா ஒத்துப்போகல!

"அப்போ காலிக் அமிலம் இல்லையா சார்?"னு பயந்துட்டாரு. அட, அதே பிளேட்ல பக்கத்து லேன்லயே சுத்தமான காலிக் அமிலம் வெச்சிருக்காரு, அதுவும் 3.6 செ.மீ.தான் ஏறியிருக்கு. உங்க ஆதாரம் அதுதான்யா, அதை பாராவுல ஒரு வார்த்தை கூட எழுதாம யாரோ எங்கயோ ஓட்டின பிளேட்டை ஏன் சாட்சிக்கு கூப்பிடுறீங்க?

ஆர்எஃப் உருகுநிலை மாதிரி பொருளோட ஒட்டிக்கிட்டே வர்ற எண் இல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குது, அதனால விரிவாவே சொல்றேன். கரைப்பான் விகிதம் கொஞ்சம் மாறினா மாறும், பிளேட் கம்பெனி மாறினா மாறும், சேம்பர்ல ஃபில்டர் பேப்பர் வெச்சு ஆவி நிரம்ப விட்டீங்களா இல்ல ஊத்தின உடனே பிளேட்டை இறக்கினீங்களான்னு பொறுத்து மாறும், சாம்பிளை அள்ளி வெச்சா மாறும். சிலிக்கா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், இழுத்துக்கிட்டா பொருளை புடிச்சு வெக்கிற பலம் குறையும், அதனால வேலூர் மே மாச வெயில்ல ஓட்டின பிளேட்டும் ஐப்பசி மழையில ஓட்டின பிளேட்டும் ஒரே எண்ணை தரணும்னு கட்டாயம் இல்ல. பேப்பர் எண்ணை "சுமார் இந்த இடத்துல எதிர்பார்க்கலாம்"னு வெச்சுக்கோங்க, அதுக்கு மேல வேணாம்.

அதே பிளேட்ல ஸ்டாண்டர்டும் ஸ்பாட்டும் ஒரே உயரம்னா கூட "உறுதி" கிடையாது. கடுக்காய்ல பீனால் வகை பொருள் நெறைய, அதுல வேற ஒண்ணு அதே உயரத்துல நிக்கலாம். அதனால மூணாவது லேன்ல சாறையும் ஸ்டாண்டர்டையும் ஒரே புள்ளியில ஒண்ணு மேல ஒண்ணா வைங்க. ஸ்பாட் நீண்டாலோ ரெண்டா பிரிஞ்சாலோ ரெண்டும் வேற, ஒரே ஸ்பாட்டா நின்னா "இந்த கரைப்பான்ல பிரிச்சு காட்ட முடியல"ன்னு அர்த்தம். வேற கரைப்பான்லயும் அப்படியே நின்னா இன்னும் பலம். முழு அடையாளத்துக்கு என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரம்னு போகணும், டிஎல்சி தலையில அந்த பாரத்தை ஏத்தாதீங்க.

அந்த தம்பி பாராவை இப்படி மாத்தினோம்:

"சிலிக்கா ஜெல் எஃப்254 பிளேட்டில், டொலுயீன், எத்தில் அசிடேட், ஃபார்மிக் அமிலம் 5:5:1 கலவையில், ஆவி நிரம்பிய சேம்பரில் ஓட்டப்பட்டது, கரைப்பான் 7.5 செ.மீ. ஏறியது. 254 நானோமீட்டர் விளக்கில் சாற்று லேனில் 0.15, 0.48, 0.75 ஆகிய இடங்களில் மூன்று கருமையான ஸ்பாட்டுகளும், தொடக்கக் கோட்டிலிருந்து 0.15 வரை இழுபட்ட ஒரு பட்டையும் தெரிந்தன. 0.48-இல் உள்ள ஸ்பாட் அதே பிளேட்டின் காலிக் அமில ஸ்டாண்டர்டோடு (0.48) ஒரே உயரத்தில் இருந்தது, ஃபெரிக் குளோரைடு தெளித்ததும் இரண்டும் நீலக்கருப்பாயின, கலந்து வைத்த லேனிலும் அவை பிரியவில்லை. எனவே இந்த ஸ்பாட் காலிக் அமிலத்தோடு ஒத்துப்போகிறது. மற்ற இரண்டும் அடையாளம் காணப்படவில்லை."

அந்த பட்டையை மறைக்காம எழுதினத பாருங்க. பெரிய டானின்கள் சிலிக்காவை விட்டு நகராம கீழயே நின்னுடும், கடுக்காய்ல அது இல்லன்னாதான் எனக்கு சந்தேகம் வரும்.

அப்புறம், தயவு செஞ்சு 0.4800ன்னு எழுதாதீங்க, ஸ்கேல்ல ஒரு மில்லிமீட்டர் தவறினாலே இந்த பிளேட்ல 0.01 மாறிடும், ரெண்டு தசமம் போதும். "0.48 செ.மீ."ன்னும் எழுதாதீங்க, அது விகிதம், அலகே கிடையாது. ஸ்பாட் அடர்த்தியா இருக்கிறத வெச்சு "காலிக் அமிலம் அதிகம்"னு எழுதாதீங்க, நீங்க எவ்ளோ வெச்சீங்கன்னே அளக்கலையே. பிளேட்டை வெளிய எடுத்ததும் கரைப்பான் காயறதுக்கு முன்னாடி அது நின்ன இடத்துல பென்சில் கோடு போடுங்க, பேனா வேணாம், மை கரைஞ்சு அதுவும் ஸ்பாட்டா ஏறும். விளக்குல தெரியிற ஸ்பாட்டை அப்பவே வட்டம் போட்டு, பக்கத்துல ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடுத்துட்டு, அதுக்கப்புறம் ஃபெரிக் குளோரைடை தெளிங்க.