விலையைக் குறைத்துப் பதிந்தால் வீட்டு வரி குறையாது

போன வாரமும் ஒருவர் வந்தார். சென்னையில் 1,000 சதுர அடி ஃபிளாட் வாங்கப் போகிறார். “பத்திரத்துல விலையைக் குறைச்சுப் போட்டுடலாம் சார், இல்லேன்னா வீட்டு வரி ஏறிடும்” என்றார். சொத்து மதிப்பீட்டுத் தொழிலில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சென்னையின் சொத்து வரிக் கணக்கில் எந்த இடத்திலும் வராது.

கணக்கு தொடங்குவது வாடகை மதிப்பிலிருந்து. அதுவும் நிஜ வாடகை இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம் உண்டு. குடியிருப்புக்கு அது 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை இருந்தது. அவர் தெருவுக்கு 1.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. இதில் பத்தில் ஒரு பங்கு, 1,800 ரூபாய், நிலத்துக்கு. மீதி 16,200 கட்டடத்துக்கு. அதில் பத்து சதவீதம் தேய்மானமாகக் கழித்தால் 14,580. இரண்டையும் கூட்டினால் ஆண்டு மதிப்பு 16,380 ரூபாய். இதன் மேல்தான் வரி.

நிலத்தின் பங்கைக் கவனியுங்கள். அந்த இடத்தில் கிரவுண்டு எத்தனை கோடிக்குப் போனாலும் கணக்கில் நிலத்துக்கு அதே பத்தில் ஒன்றுதான். சந்தை விலையில் பெரும்பகுதி நிலத்தின் விலை. வரியிலோ கட்டட அளவுதான் பேசுகிறது. இரண்டும் ஒத்துப்போகாததற்கு முக்கியக் காரணம் இதுதான். போதாததற்கு, 1998-க்குப் பிறகு 2022-ல்தான் வரி உயர்வு நிலைத்தது. அதையும் விலை பார்த்து ஏற்றவில்லை. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று பரப்பளவு பார்த்துத்தான் ஏற்றினார்கள்.

விலையைக் குறைத்துப் பதிந்தாலும் முத்திரைத் தீர்வையை அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே கணக்கிட விடமாட்டார்கள். நாளை விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருப்பதால் மூலதன ஆதாய வரிதான் கூடும்.

வரி திடீரென்று எகிறினால் ஊர் விலையைத் திட்டாதீர்கள். மதிப்பீட்டு விவரத்தை எடுத்துப் பாருங்கள். பரப்பளவு சரியா? மொட்டை மாடியில் போட்ட அறை சேர்ந்திருக்கிறதா? கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டு அது வணிகப் பயன்பாடாகப் பதிவாகியிருக்கிறதா? பெரும்பாலும் விடை இந்த மூன்றுக்குள் இருக்கும். பரப்பளவு தவறாக இருந்தால் வரைபட நகலோடு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அப்புறம், வரி ரசீதில் உங்கள் பெயர் இருப்பதால் வீடு உங்களுடையது என்று ஆகிவிடாது. அதற்குப் பத்திரமும் வில்லங்கச் சான்றும்தான் பார்க்க வேண்டும்.