மூன்று மணிக்குள் விற்றால் எந்த விலை, எப்போது பணம்?

மியூச்சுவல் ஃபண்ட் செயலியைத் திறந்தால் உங்கள் யூனிட்டுகளின் மதிப்பு என்று ஒரு தொகை தெரியும். விற்கும் பொத்தானை அழுத்தும்போது அந்தத் தொகைதான் கைக்கு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் முந்தைய வேலை நாளின் விலையில் போட்ட கணக்கு. நீங்கள் அழுத்தும் அந்த நிமிடத்தில், உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலை எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது, ஃபண்ட் நிறுவனத்துக்கும் தெரியாது.

பங்குச் சந்தை மாலை 3.30-க்கு மூடுகிறது. அதற்குப் பிறகுதான் ஃபண்டில் இருக்கும் ஒவ்வொரு பங்கின் இறுதி விலையையும் எடுத்துக் கூட்டி, செலவுகளைக் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்து அன்றைய என்ஏவியை, அதாவது ஒரு யூனிட்டின் விலையைக் கணக்கிடுகிறார்கள். அது இரவு வெளியாகும். ஆனால் பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டுக்கான கட்-ஆஃப் நேரம் மாலை 3 மணி, அதாவது சந்தை மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே. அதற்குள் வந்த விற்பனைக்கு அன்றைய என்ஏவி. தாண்டி வந்தால் அடுத்த வேலை நாளின் என்ஏவி. எந்தப் பக்கம் விழுந்தாலும் விலை தெரியாமல்தான் ஆர்டர் போட்டாக வேண்டும். விதியின் நோக்கமே அதுதான்.

தெரிந்த விலைக்கு ஆர்டர் போட விட்டால் என்ன ஆகும் என்பதை 2003-இல் அமெரிக்கா பார்த்தது. அங்கே கட்-ஆஃப் மாலை 4 மணி. பெரும் பணக்காரர்களின் பணத்தை நிர்வகிக்கும் கேனரி கேப்பிட்டல் பார்ட்னர்ஸ் என்ற ஹெட்ஜ் ஃபண்டுக்கு, 4 மணிக்குப் பிறகும் அன்றைய விலைக்கே வாங்கவும் விற்கவும் ரகசிய ஏற்பாடு இருந்தது. சந்தை மூடிய பின் நல்ல செய்தி வந்தால் பழைய விலைக்கு வாங்கி, மறுநாள் லாபத்தை எடுத்துவிடலாம். குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு பந்தயம் கட்டுவது போன்றது இது. அந்த லாபம் வானத்திலிருந்து வருவதில்லை. அதே ஃபண்டில் அமைதியாகக் காத்திருக்கும் மற்ற முதலீட்டாளர்களின் பங்கிலிருந்து வருகிறது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் வழக்குத் தொடுத்தார். கேனரி 4 கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. ஐந்து நிமிடத் தாமதத்துக்கெல்லாம் சலுகை கிடையாதா என்று எரிச்சல்படும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக. ஒருவரிடம் ஓர் ஈக்விட்டி ஃபண்டின் 2,000 யூனிட்டுகள் இருக்கின்றன. வியாழக்கிழமை என்ஏவி 150 ரூபாய் என்பதால் செயலி 3,00,000 ரூபாய் என்று காட்டுகிறது. வெள்ளிக்கிழமை மதியம் 2.50-க்கு விற்பனை ஆர்டர் போடுகிறார். அன்று சந்தை இறங்கி, இரவு வந்த என்ஏவி 148.20. அவருக்கு 2,96,400 ரூபாய். அதே ஆர்டரை 3.05-க்குப் போட்டிருந்தால் திங்கட்கிழமை என்ஏவிதான். அது 145.60 என்று வைத்துக்கொண்டால் 2,91,200 ரூபாய். பதினைந்து நிமிடத்தில் 5,200 ரூபாய் வித்தியாசம். திங்களன்று சந்தை ஏறியிருந்தால் தாமதித்தவருக்கே லாபம் என்பதும் உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் அது யாருக்கும் தெரியாது.

பணம் எப்போது வரும்? எந்த நாளின் என்ஏவி கிடைக்கிறதோ அதுதான் 'டி' நாள்; அதிலிருந்து வேலை நாட்களை எண்ண வேண்டும். 2.50-க்கு விற்றவருக்கு வெள்ளிதான் டி நாள். சனி, ஞாயிறு கணக்கில் சேராது. டி+2 என்பதால் செவ்வாய்க்கிழமை வங்கிக் கணக்கில் விழும். 3.05-க்கு விற்றவருக்கு டி நாள் திங்களாகிவிடுவதால் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை பத்திரப் பதிவுக்குப் பணம் கட்ட வேண்டியவருக்கு என்ஏவி வித்தியாசத்தைவிட இதுதான் பெரிய தலைவலி.

அது ஏன் இரண்டு நாள்? ஃபண்ட் தன்னிடமுள்ள பங்குகளை விற்றுத்தான் உங்களுக்குக் கொடுக்கிறது என்றால், அந்தப் பணம் அதன் கைக்கு வர ஒரு நாள் ஆகும். இந்தியச் சந்தையில் பங்கு விற்ற பணம் டி+1-இல், அதாவது அடுத்த வேலை நாளில், வந்து சேரும். இதற்குப் படிப்படியாக மாறி, 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளும் டி+1-க்கு வந்தன. சில நாட்களிலேயே, பிப்ரவரி 1 முதல், ஃபண்ட் நிறுவனங்களும் ஈக்விட்டி ஃபண்டுகளுக்கு டி+3-ஐ விட்டு டி+2-க்கு மாறின. சந்தையிலிருந்து பணம் ஒரு நாள் முன்னதாக வந்ததால் நமக்கும் ஒரு நாள் முன்னதாக வருகிறது. அந்த இரண்டு நாளில் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் தொகை மாறாது. விலை வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோன விஷயம்.

வாங்கும்போது விதி இன்னும் கறாரானது. 2021 பிப்ரவரி 1 முதல், ஆர்டர் 3 மணிக்குள் வந்தால் மட்டும் போதாது. பணமும் அதற்குள் ஃபண்டின் கணக்கில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒரு லட்சமோ ஐந்நூறு ரூபாயோ, எல்லாத் தொகைக்கும் இதேதான். யுபிஐயில் 2 மணிக்குப் பணம் கழிந்துவிட்டது, குறுஞ்செய்தியும் வந்துவிட்டது; ஆனாலும் மறுநாள் என்ஏவி போட்டிருக்கிறார்கள் என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். உங்கள் வங்கியிலிருந்து கிளம்பிய பணம் நடுவில் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் தங்கிவிட்டுப் போகலாம். மாதாமாதம் தவணையாக முதலீடு செய்யும் எஸ்ஐபியிலும் தவணைத் தேதியும் என்ஏவி தேதியும் ஒத்துப்போகாமல் இருப்பது இதனால்தான். ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் என்ஏவி தேதியைப் பார்த்தால், பணம் எந்த நாளில் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

பணத்தைக் குறுகிய காலக் கடனாகக் கொடுத்து வட்டி ஈட்டும் லிக்விட் ஃபண்டில்தான் இந்தக் கணக்கு சுவாரசியமாகிறது. அங்கே வாங்குவதற்குக் கட்-ஆஃப் மதியம் 1.30. அதற்குள் ஆர்டரும் பணமும் சேர்ந்துவிட்டால் முந்தைய நாளின் என்ஏவி கிடைக்கும். தெரிந்த விலைக்கு வாங்குவது தப்பு என்று இப்போதுதானே சொன்னோம்? இங்கே காரணம் வேறு. மதியத்துக்குள் வந்த பணத்தை ஃபண்ட் அன்றே குறுகிய காலக் கடனாகக் கொடுத்துவிட முடியும். அன்றைய வட்டியை உங்கள் பணமே சம்பாதிக்கிறது. எனவே முந்தைய நாள் விலை நியாயமானது.

இதில் வெள்ளிக்கிழமைதான் கவனிக்க வேண்டிய நாள். 1.30-க்குள் சேர்ந்தால் வியாழன் என்ஏவி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வட்டியும் உங்களுக்கு. பத்து நிமிடம் தாமதித்தால் ஞாயிற்றுக்கிழமை என்ஏவி. மூன்று நாள் வட்டி போச்சு. ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்குச் சுமார் 53 ரூபாய்தான். நம்மைப் போன்றவர்கள் இதற்காக ஓட வேண்டியதில்லை. ஒரு கோடியைப் போட்டு எடுக்கும் கம்பெனிக்கோ அது 5,300 ரூபாயைத் தாண்டும். அதனால்தான் வெள்ளிக்கிழமை மதியம் கணக்குப் பிரிவுகளில் அவ்வளவு பரபரப்பு.

விற்பதற்கு லிக்விட் ஃபண்டிலும் 3 மணிதான். வெள்ளிக்கிழமை அதற்குள் விற்றால் ஞாயிறு என்ஏவி, பணம் திங்கட்கிழமை. வார இறுதி முழுக்க பணம் ஃபண்டிடமே இருப்பதால் அந்த வட்டியும் உங்களுக்கே சேர்கிறது. அவசரத்துக்குச் சில லிக்விட் ஃபண்டுகளில் உடனடியாக எடுக்கும் வசதி உண்டு. ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது முதலீட்டில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவரை.

சொன்ன நாளில் பணம் வரவில்லையென்றால் முதலில் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். சந்தை திறந்திருந்து வங்கிகள் மூடியிருக்கும் நாட்கள் உண்டு. வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஏப்ரல் 1 அப்படிப்பட்டது. அன்று பங்கு வியாபாரம் நடந்தாலும் பணம் நகராது. விடுமுறை எதுவும் இல்லாமலேயே தாமதமானால், சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிப்படி அதிகபட்சம் மூன்று வேலை நாட்களுக்குள் ஃபண்ட் நிறுவனம் பணத்தை அனுப்பியாக வேண்டும். தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியைச் சேர்த்துத் தர வேண்டும்.