30 கிலோமீட்டருக்குப் பிறகு என்ன நடந்தது?

சென்னையில் ஜனவரி மாதத்து மாரத்தான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை 4 மணிக்குத் தொடக்கம். 4 மணி நேரத்தில் முடிக்கத் திட்டமிட்ட ஒருவர் 4 மணி 16 நிமிடத்தில் முடிக்கிறார். "வெயில் வந்ததும் படுத்துட்டேன்" என்கிறார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில்தான் காரணமா என்பதை அவர் கையிலிருந்த வாட்சிடமே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். 4 மணி நேர இலக்குக்கு ஒவ்வொரு 5 கிலோமீட்டரையும் சுமார் 28 நிமிடம் 26 நொடியில் கடக்க வேண்டும். அவர் முதல் 5 கிலோமீட்டரை 27:30-க்கும், அடுத்ததை 27:40-க்கும் கடந்திருக்கிறார். 20-லிருந்து 25 வரை 29:20. 30-லிருந்து 35 வரை 33:30. அதற்கடுத்த ஐந்துக்கு 35:30. ஸ்பிளிட் எனப்படும் இந்தப் பகுதி நேரங்களை ஜிபிஎஸ் காட்டும் தூரத்திலிருந்து எடுக்காமல், ஓடுபவர் அணிந்த சிப்பை வைத்து அவர் கடக்கும் நேரத்தைக் குறிக்கப் பாதையில் விரித்திருக்கும் சிப் மேட்களின் பதிவிலிருந்து எடுப்பதே நல்லது. உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் பாலங்களுக்கு அடியிலும் ஜிபிஎஸ் தடுமாறும்.

வேகம் குறைந்தது என்பதை மட்டும்தான் நேரம் சொல்லும். ஏன் குறைந்தது என்று தெரிய, அந்த இடத்தில் இதயத்துடிப்பு எந்தப் பக்கம் போனது என்று பார்க்க வேண்டும். வெப்பத்தில் ஓடும்போது வியர்வையால் ரத்தத்திலுள்ள நீர் குறைகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பி விடப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தம் குறைந்துவிடுவதால், அதே வேலையைச் செய்ய அது கூடுதல் முறை துடித்தாக வேண்டும். ஆகவே வெப்பம் படுத்தினால் வேகம் குறையும்போதும் துடிப்பு ஏறும், அல்லது உயரத்திலேயே நிற்கும்.

இவருக்கு இரண்டாவது ஐந்தில் சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 161. 20-லிருந்து 25 வரை 167. வேகம் குறைந்தும் துடிப்பு ஏறியிருக்கிறது. ஒரு துடிப்புக்கு எத்தனை மீட்டர் நகர்ந்தார் என்று கணக்கிட்டால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். இரண்டாவது ஐந்தில் 1.12 மீட்டர், 25-ஆவது கிலோமீட்டர் நெருங்கும்போது 1.02. ஏறத்தாழ 9 சதவீதச் சரிவு. (முதல் ஐந்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓடத் தொடங்கியதும் துடிப்பு நிலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும்.) அவர் 25-ஐத் தொடும்போது மணி 6:21. ஜனவரியில் சென்னையில் அப்போதுதான் பொழுது விடியும். வெயில் வருவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராது. அதனால் இருட்டிலும் உடல் சூடாகும்.

30-க்குப் பிறகு கதை மாறுகிறது. வெயில் ஏறுகிறது, துடிப்போ 158-க்கும் பிறகு 153-க்கும் இறங்குகிறது. வெப்பம் மட்டுமே காரணமென்றால் இப்படி இறங்காது. இதயத்துக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, கால்கள்தான் சொன்னபடி கேட்கவில்லை. தசையில் சேமித்திருந்த சர்க்கரை இருப்பான கிளைகோஜன் தீரும் தறுவாயில் உடல் கொழுப்பை அதிகம் நம்ப வேண்டியிருக்கும். கொழுப்பிலிருந்து அவ்வளவு வேகமாக ஆற்றல் கிடைக்காது. பல்லாயிரம் முறை தரையில் மோதியதில் தசை இழைகள் சேதமடைந்தாலும் பதிவு இப்படித்தான் இருக்கும். இரண்டில் எது என்று வாட்ச் பிரித்துச் சொல்லாது. ஓட்டத்தின் நடுவே சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல்லை எத்தனையாவது கிலோமீட்டரில் எடுத்தார், அதன் பிறகு கொஞ்ச நேரமாவது வேகம் மீண்டதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். மீண்டிருந்தால் எரிபொருள் பக்கம் சந்தேகம் வலுக்கும்.

என் பார்வையில், இந்த ஓட்டம் கைவிட்டுப் போனது முதல் 10 கிலோமீட்டரில். பயிற்சியில் நீண்ட தூரம் ஓடும்போது இவரது துடிப்பு 150 அளவில்தான் இருக்கும். ஒரு மணி நேரம் முழு மூச்சாக ஓடினால் தாங்கும் எல்லை சுமார் 168. இன்னும் 32 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போதே 161-ஐத் தொட்டவர், அந்த எல்லைக்கு மிக அருகில் போய்விட்டார். துடிப்பு எல்லையை நெருங்க நெருங்க கிளைகோஜன் வேகமாகக் கரையும். முதல் 10 கிலோமீட்டரில் அவர் மிச்சம் பிடித்தது 1 நிமிடம் 42 நொடி. 30-லிருந்து 40 வரை இழந்தது 12 நிமிடத்துக்கும் மேல்.

இத்தனையும் துடிப்புப் பதிவு சரியாக இருந்தால்தான் செல்லும். மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்பை விட்டுவிட்டு, கால் வைக்கும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். தொடங்கிய முதல் நிமிடத்திலேயே 175 என்று காட்டி, பிறகு அசையாமல் நின்றால் ஐயப்பட வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தார் என்பதைக் காட்டும் கேடன்ஸ் கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டியே போகும். மார்புப் பட்டையில் இந்தத் தொல்லை குறைவு. கழிப்பறைக்கு நின்றதும் தண்ணீருக்கு நடந்ததும் கூட ஸ்பிளிட்டைக் கெடுக்கும். ஆனால் அவை கிலோமீட்டர் வாரியான வரைபடத்தில் ஒரே ஒரு பள்ளமாகத் தெரியும். வேகமும் துடிப்பும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழும். இவருடைய பதிவில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த முறை, முதல் 10 கிலோமீட்டர் வரை துடிப்பு 154-ஐத் தாண்டாமல் ஓடிப் பார்க்கச் சொல்வேன். முதல் ஐந்துக்கு 29 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. ஜெல் எடுக்கும் இடங்களை மட்டும் அப்போது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.