தென்னையில் இரண்டு வண்டுகள்: பொறி எங்கே தொங்க வேண்டும்?

சிவப்புக் கூன்வண்டு தாக்கிச் சாய்ந்த தென்னையைப் பிளந்து பார்க்கும்போது, பெரும்பாலும் குருத்துப் பக்கத்தில் ஒரு பழைய துளை தட்டுப்படும். அது காண்டாமிருக வண்டு போட்ட துளை. கூன்வண்டு தானாகத் துளைத்து உள்ளே போவது அரிது. காயத்தின் வாசனையைப் பிடித்து வந்து, அந்தக் காயத்தில் முட்டையிடும். ஆகவே இரண்டையும் தனித்தனிப் பூச்சிகளாக நினைத்து, ஒன்றை இந்த ஆண்டும் மற்றொன்றை அடுத்த ஆண்டும் கவனிக்கலாம் என்று தள்ளிப்போடுவது ஆபத்து. தோப்பில் காண்டாமிருக வண்டு பெருகினால் கூன்வண்டுக்கு வழி திறந்துவிட்டது என்றே பொருள்.

காண்டாமிருக வண்டில் மரத்துக்குக் கேடு செய்வது வளர்ந்த வண்டு மட்டுமே. அதன் புழு தென்னையை ஒன்றும் செய்வதில்லை. எருக்குழி, குப்பை மேடு, மக்கிய மரத்தண்டு இவைதான் அதன் வீடு. எருவுக்குள் இடப்படும் முட்டை ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பொரிக்கும். வெளிவரும் புழு அழுக்கு வெள்ளை நிறத்தில், பழுப்புத் தலையோடு, உடலை வளைத்துச் சுருண்டு கிடக்கும். நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை எருவைத் தின்றே வளரும். பிறகு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, இரவில் பறந்து குருத்தைத் தேடி வரும். குழியில் புழுவாக இருக்கும் அந்த நீண்ட மாதங்கள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. வண்டாகி மரமேறிய பிறகு ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியிருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விழுந்த மரங்களை அப்புறப்படுத்தக் கூலி கொடுக்க முடியாதவர்கள், தண்டுகளை வரப்போரமாக உருட்டிவிட்டு இடையில் புதுத் தென்னம்பிள்ளைகளை வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தண்டின் உட்சோறு மழையில் ஊறி மக்கியபோது, அது எருக்குழிக்கு எந்த வகையிலும் குறையாத இடமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு நாலைந்து வயதாகும்போது பக்கத்திலேயே வண்டும் தயாராக இருந்தது.

தாக்குதலின் அடையாளத்தைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஓலை விசிறி போலவும் முக்கோணமாகக் கத்தரித்தது போலவும் வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வண்டு இப்போதுதான் வந்திருக்கிறது என்று விவசாயிகள் பதறுவார்கள். குருத்து மடிந்திருக்கும்போதே வண்டு அதைத் துளைத்துவிடுகிறது. மடிப்பு விரியும்போதுதான் வெட்டு நம் கண்ணில் படும். வளர்ந்த தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு ஓலை விடும், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று. உச்சியிலிருந்து மூன்றாவது மட்டையில் வெட்டு இருந்து, அதற்கு மேலுள்ளவை முழுதாக இருந்தால், அந்த வண்டு சில மாதங்களுக்கு முன்பே வந்து போயிருக்கிறது. இப்போது வண்டு இருக்கிறதா என்பதைக் குருத்தின் அடியில்தான் தேட வேண்டும். மட்டை இடுக்கில் மென்று துப்பிய நார் ஈரமாகவும் வெளிறிய நிறத்திலும் தள்ளிக்கொண்டிருந்தால் வண்டு உள்ளேயே இருக்கிறது. முனை வளைந்த கம்பியை விட்டுக் குத்தி இழுத்தால் கையோடு வரும். நார் காய்ந்து பழுத்திருந்தால் அது பழைய துளை. அப்படிப்பட்ட துளையையும் விட்டுவைக்காமல் அடைப்பது நல்லது.

கூன்வண்டின் கதை நேர்மாறு. இங்கே மரத்தைக் கொல்வது புழு. செம்பழுப்பு நிறத்தில், நீண்டு வளைந்த மூக்கோடு இருக்கும் தாய் வண்டு காயத்தில் முட்டையிடுகிறது. சில நாட்களில் பொரித்த புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். கால் இல்லாத மஞ்சள் நிறப் புழு அது. ஒன்று முதல் இரண்டரை மாதம் வரை தின்றுவிட்டு, தென்னை நாரைச் சுற்றி நெய்த கூட்டுக்குள் புகுந்து, வண்டாகி வெளிவரும். வந்த வண்டு அதே மரத்திலேயே மறுபடி முட்டையிடுவதால், ஒரே தண்டுக்குள் முட்டை, புழு, கூடு, வண்டு நான்கும் ஒருசேர இருக்கும். ஐந்து முதல் இருபது வயது வரையுள்ள மரங்களையே இது அதிகம் தேடுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் தண்டில் சிறு துளை, அதிலிருந்து வடியும் பழுப்பு நிறச் சாறு, துளை வாயில் மென்ற நார், கொஞ்சம் புளித்த வாடை. காதைத் தண்டில் வைத்துக் கேட்டால் புழு கொறிக்கும் சத்தம் கேட்கலாம். தாக்குதல் கொண்டையில் இருந்தால் சாறு தெரியாது. நடு ஓலைகள் மஞ்சளாகி வாடும். நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டால், அந்த மரத்தைக் காப்பாற்ற முடியாது.

பேராவூரணிப் பக்கம் ஆறு ஏக்கர் தோப்பு ஒன்றில் பார்த்ததைச் சொன்னால் பொறியின் வேலை விளங்கும். கஜாவுக்குப் பிறகு நட்ட பிள்ளைகள், நன்றாகக் கொண்டை கட்டியிருந்தன. வடக்கு வரப்பில் பழைய தண்டுகள் குவிந்து கிடந்தன. பொறி விற்றவர் சொன்னபடி, கூன்வண்டுப் பொறியை தோப்பின் நடுவில் ஒரு தென்னையிலேயே கட்டியிருந்தார்கள். வழவழப்பான பிளாஸ்டிக் வாளி, அடியில் காய்ந்துபோன கொஞ்சம் தண்ணீர், செத்த வண்டு இரண்டு மூன்று. தோப்புக்கார ஐயா, "பொறி வைத்த பிறகுதானே தம்பி இந்தப் பக்கம் மரத்தில் சாறு வடிகிறது?" என்று கேட்டார். அவர் கவனித்தது சரி. பொறியைச் சுற்றி நின்ற மூன்று பிள்ளைகளில் துளை இருந்தது. தோப்பின் மற்ற பக்கங்களில் இல்லை.

பொறிக்குள் வைக்கும் கவர்ச்சிப் பொருள், ஆண் கூன்வண்டு மற்ற வண்டுகளைக் கூட்டத்துக்கு அழைக்க வெளியிடும் வாசனை. அதற்கு ஆண், பெண் இரண்டும் வரும், பெண் வண்டு இன்னும் அதிகமாக வரும். அதனால்தான் அது பயனுள்ளது. ஆனால் வாசனையைத் தொடர்ந்து வரும் வண்டு நேராக வாளிக்குள் விழுவதில்லை. அருகில் இறங்கி, ஊர்ந்து, ஏறி, துளையைத் தேடித்தான் உள்ளே போகிறது. வாளிச் சுவர் வழுக்கினால் ஏற முடியாது. உள்ளே புளித்த உணவு வாடை இல்லாவிட்டால் நுழையவும் தயங்கும். அப்போது பக்கத்தில் காண்டாமிருக வண்டு துளைத்த ஓர் இளம் தென்னை இருந்தால், அங்கே போய் முட்டையிடும்.

அந்தப் பொறியை எடுத்து, தோப்பின் ஓரத்தில் இளம் பிள்ளைகளிலிருந்து தள்ளி நின்ற ஒரு பூவரச மரத்தில், நிழலில், ஏறக்குறைய இடுப்பு முதல் மார்பு உயரத்துக்குள் கட்டச் சொன்னேன். வண்டு கால் பதித்து ஏறும்படி வாளியின் வெளிப்புறம் முழுவதும் சணல் சாக்கைச் சுற்றித் தைத்தார்கள். விளிம்புக்குக் கீழே, வண்டு தாராளமாக நுழையும் அளவுக்கு நான்கு துளைகள் இருந்தன. கவர்ச்சிப் பொருளை மூடியின் உட்பக்கத்திலிருந்து தொங்கவிட்டு, வாளியில் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர், நறுக்கிய கரும்புத் துண்டு, சிறிது ஈஸ்ட் போட்டோம். விழுந்த வண்டு ஏறி வெளியேறாமலிருக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்தோம். இந்தத் தண்ணீரும் கரும்பும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கவர்ச்சிப் பொருள் சில மாதங்கள் உழைக்கும், ஆனால் உணவும் தண்ணீரும் வற்றிய வாளி வண்டை வரவழைக்கும், பிடிக்காது. அப்படி வைப்பதைவிடப் பொறியே இல்லாமலிருப்பது மேல். எக்டருக்கு ஒரு பொறி போதும்.

காண்டாமிருக வண்டுக்கு வேறு கவர்ச்சிப் பொருள், வேறு அமைப்பு. அது இரவில் வேகமாகப் பறந்து வருவது, ஊர்ந்து ஏறும் பழக்கம் இல்லை. அதனால் வாளிக்கு மேலே குறுக்கு நெடுக்காக இரண்டு தகடுகள் நிற்கும். வண்டு அதில் மோதி உள்ளே விழும். இதற்கு உணவு தேவையில்லை, இன்னும் உயரமாகவும் வைக்கலாம். இரண்டு கவர்ச்சிப் பொருளையும் ஒரே வாளியில் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒன்றுக்குப் பொருந்தும் வாளி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இனி பொறியால் முடியாதது. தண்டுக்குள் இருக்கும் புழுவுக்குப் பொறியால் ஒரு கேடும் இல்லை. சாறு வடிந்த மூன்று மரங்களில் ஒன்றின் குருத்து இழுத்ததும் வந்துவிட்டது. அதை வெட்டி, தண்டைப் பிளந்து, கொண்டையோடு எரிக்க வேண்டியதாயிற்று. வெட்டிப் போட்டு அப்படியே விட்டிருந்தால் உள்ளிருந்த கூடுகளிலிருந்து அத்தனை வண்டும் வெளிவந்திருக்கும். மற்ற இரண்டிலும் மேல்துளையைத் தவிர எல்லாத் துளைகளையும் களிமண்ணால் அடைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி இமிடாகுளோபிரிட் என்ற அளவில் கலந்த கரைசலைப் புனல் வழியாக மேல்துளையில் ஊற்றி, அதையும் மூடினோம். அவை இன்னும் காய்ப்புக்கு வராத மரங்கள். காய்க்கும் மரமாக இருந்தால் முற்றிய காய்களையும் இளநீரையும் முன்கூட்டியே பறித்துவிட்டு, அடுத்த பறிப்புக்கு எவ்வளவு நாள் இடைவெளி வேண்டும் என்பதை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

வடக்கு வரப்புத் தண்டுகளைப் புரட்டியபோது உட்சோற்றில் சுருண்டு கிடந்த புழுக்களைக் கோழிகள் பொறுக்கின. உலர்ந்த தண்டுகளை உடைத்து எரித்துவிட்டு, ஈரமாக மக்கியவற்றையும் எருக்குழியையும் கிளறி, மெட்டாரைசியம் பூஞ்சைக் கரைசலைத் தெளித்தார்கள். இந்தப் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், காய்ந்த குழியில் தெளித்தால் வீண். பிறகு குழியைக் கிளறிப் பார்த்தால், பூஞ்சை பிடித்த புழு விறைத்து, மேலே முதலில் வெள்ளையும் பின்னர் பச்சையும் பூத்திருக்கும். அதைப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் உச்சியில் மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை ஒரு பங்குக்கு இரு பங்கு மணலோடு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் போட்டார்கள்.

மட்டை வெட்டுவதிலும் ஒரு மாற்றம் செய்தார்கள். தண்டை ஒட்டிச் சீவினால் அந்தப் பச்சைக் காயமே கூன்வண்டுக்கு அழைப்பு. தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டினால், வண்டு முட்டையிட்டாலும் புழு தண்டுவரை வந்து சேர்வதில்லை. ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டும் வழக்கத்தையும் அதோடு நிறுத்தினார்கள்.

அடுத்த தோப்புக்காரர் பொறி வைக்கவில்லை, அவர் வரப்பிலும் பழைய தண்டுகள் கிடந்தன. வண்டு வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை என்பதால், ஐயாவே போய்ப் பேசி, இரு தோப்புக்கும் பொதுவான ஓரத்தில் பொறிகளை மாற்றி வைத்தார். இருவருமாக வாளியில் விழுந்த வண்டுகளை வாரந்தோறும் எண்ணிக் குறித்துவைக்கிறார்கள். எண்ணிக்கை ஏறும் வாரத்தில் முதலில் எருக்குழியைக் கிளறிப் பார்க்கிறார்கள், பிறகு பிள்ளைகளின் குருத்து இடுக்குகளில் ஈர நார் தள்ளியிருக்கிறதா என்று பார்த்துவருகிறார்கள்.