முன்னுரிமைப் பங்கைத் திருப்பிக் கொடுக்கும்போது லாபத்துக்கு ஏன் பூட்டு?

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு குடும்பக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கம்பெனிதான், ஆனால் மதுரைப் பக்கம் இந்த மாதிரி பிரைவேட் லிமிடெட்டுகள் நிறையவே உண்டு. அண்ணன் தம்பிகள் சாதாரணப் பங்கு வைத்திருக்கிறார்கள், மெஷின் வாங்கப் பணம் தேவைப்பட்ட காலத்தில் சித்தப்பாவும் இன்னும் சில சொந்தக்காரர்களும் 20 லட்சம் போட்டார்கள், அதற்கு 9 சதவீத முன்னுரிமைப் பங்கு கொடுத்தாயிற்று. முன்னுரிமை என்றால் இரண்டு விஷயத்தில் முன்னுரிமை: டிவிடெண்ட் கொடுத்தால் அவர்களுக்கு முதலில், கம்பெனியைக் கலைத்தால் போட்ட பணமும் சாதாரணப் பங்குக்காரர்களுக்கு முன்னால் அவர்களுக்கு. கூடவே ஒரு கெடுவும் உண்டு. இன்றைய இந்தியச் சட்டத்தில் திருப்பியே தராத முன்னுரிமைப் பங்கு என்று ஒன்றை வெளியிட முடியாது. அதிகபட்சம் 20 வருடம் (சாலை, மின்சாரம் மாதிரி உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு மட்டும் 30 வரை), அதற்குள் மீட்டாக வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

சரி, கெடு வந்துவிட்டது. பங்கு ஒப்பந்தப்படி 5 சதவீதம் ப்ரீமியம் சேர்த்து 21 லட்சம் கொடுக்க வேண்டும். கம்பெனியின் வங்கிக் கணக்கில் 28 லட்சம் கிடக்கிறது. சித்தப்பா கேட்கிறார்: "பேங்க்லதான் பணம் கிடக்குதே தம்பி, செக்கை எழுதிக் கொடுத்தா முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்கு ஆடிட்டரு, கூட்டம், தீர்மானம்?"

நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமென்றால் இந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கும் ஒருவரைப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து ரப்பர் ஷீட் அனுப்பும் வியாபாரி. சரக்கு வந்து 45 நாளில் பணம் என்று கடனுக்குக் கொடுக்கிறார். அவருக்கும் வங்கிக்கும் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும் சேர்த்து இந்தக் கம்பெனி 50 லட்சம் பாக்கி வைத்திருக்கிறது. பிரைவேட் லிமிடெட் என்பதால் கம்பெனி நொடித்தால் அவர்கள் அண்ணன் தம்பிகளின் வீட்டை எட்ட முடியாது (தனியாக யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர). கம்பெனியின் சொத்து எவ்வளவோ அவ்வளவுதான் அவர்களுக்கு. அந்தச் சொத்தில் 60 லட்சம் பங்குதாரர்கள் போட்ட மூலதனம், 40 சாதாரணப் பங்கு, 20 முன்னுரிமை. வியாபாரத்தில் நட்டம் வந்து அது கரைந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பங்குதாரர்களே அதைப் பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் கம்பெனிச் சட்டத்தின் பழைய விதி.

இந்த விதி இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1887இல் டிரெவர் எதிர் விட்வொர்த் வழக்கில் கொடுத்த தீர்ப்பில் உறுதியாக நின்றது. ஒரு ஃப்ளானல் துணிக் கம்பெனி தன் பங்குகளைத் தானே வாங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் கலைப்புக்குப் போனது. பங்கை விற்றவரின் தரப்பு மீதிப் பணம் கேட்டு வர, அப்படி வாங்கியதே கம்பெனியின் அதிகாரத்துக்குள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கதவு மூடியபின் திருப்பித் தரக்கூடிய பங்கு என்ற ஒன்றே இருக்க முடியாது அல்லவா, அதனால் 1929 சட்டத்தில் இங்கிலாந்து ஒரு விதிவிலக்கு கொடுத்தது: முன்னுரிமைப் பங்கை மீட்கலாம், ஆனால் மூலதனத்தில் விழும் ஓட்டையை அடைத்துவிட்டு மீட்க வேண்டும். நம் சட்டமும் அதே வழியில்தான் வந்தது.

ஓட்டையை அடைக்க இரண்டே வழிதான். ஒன்று, இதற்கென்றே புதிதாகப் பங்கு வெளியிட்டு அந்தப் பணத்தில் மீட்பது. பழைய மூலதனம் போன இடத்தில் புது மூலதனம் வந்து உட்கார்ந்துவிடும், கணக்கு சரி. இரண்டாவது, டிவிடெண்டாகக் கொடுக்கக்கூடிய லாபத்திலிருந்து மீட்பது. இங்கேதான் மூலதன மீட்பு காப்பு வருகிறது. லாபத்திலிருந்து மீட்டால், மீட்ட பங்கின் முகமதிப்பு எவ்வளவோ அவ்வளவு லாபத்தை எடுத்து அந்தக் காப்புக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அதன்பின் அது லாபம் இல்லை. சட்டத்தின் கண்ணில் கிட்டத்தட்டப் பங்கு மூலதனம்தான். அதை டிவிடெண்டாகப் பிரிக்க முடியாது.

நம் கம்பெனியிலேயே போட்டுப் பார்ப்போம். மீட்புக்கு முன் பொறுப்புப் பக்கம் இப்படி இருக்கிறது: சாதாரணப் பங்கு 40 லட்சம், முன்னுரிமைப் பங்கு 20, சேர்ந்து கிடக்கும் லாபம் 26, முன்பு பங்கு விற்றபோது வந்த பங்கு ப்ரீமியம் 3, வெளிக்கடன் 50. கூட்டினால் 139. சொத்துப் பக்கம் கட்டடமும் மெஷினும் 85, சரக்கும் வரவேண்டிய பாக்கியும் 26, வங்கியில் 28. அதுவும் 139.

குடும்பத்தில் பேசி 8 லட்சத்துக்குப் புதுச் சாதாரணப் பங்கு முகமதிப்பிலேயே வெளியிடுகிறார்கள். வங்கி 36 ஆகிறது, சாதாரணப் பங்கு 48. மீட்க வேண்டிய முகமதிப்பு 20, புதுப் பங்கு 8, ஆக மீதி 12 லட்சத்தை லாபம்தான் சுமக்க வேண்டும். லாபக் கணக்கைப் பற்று வைத்து மூலதன மீட்பு காப்பை 12 லட்சம் வரவு வைக்கிறோம். ப்ரீமியம் 1 லட்சமும் லாபத்திலிருந்தே போகிறது, ஆனால் அது காப்புக்குப் போவதில்லை. காப்பு என்பது முகமதிப்புக்கு மட்டும். பரீட்சையில் பாதிப் பேர் 13 என்று எழுதிவிட்டு வருவது இந்த இடத்தில்தான். கடைசியாக 21 லட்சத்துக்குச் செக்.

இப்போது பாருங்கள்: சாதாரணப் பங்கு 48, காப்பு 12, லாபம் 13, பங்கு ப்ரீமியம் 3, கடன் 50, மொத்தம் 126. எதிர்ப்பக்கம் 85, 26, வங்கியில் 15, அதுவும் 126. சித்தப்பா பணத்தோடு போய்விட்டார், ஆனால் 48ஐயும் 12ஐயும் கூட்டினால் அதே பழைய 60.

காப்பு போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். லாபம் 26இல் ப்ரீமியம் 1 போக 25 லட்சம் அப்படியே நின்றிருக்கும், மூலதனம் 48ஆகச் சுருங்கியிருக்கும். அடுத்த மாதமே அண்ணன் தம்பிகள் அந்த 25 லட்சத்துக்கும் டிவிடெண்ட் அறிவித்திருக்கலாம், கையில் 15தான் இருந்தாலும் கடன் வாங்கியாவது கொடுத்திருக்கலாம். அதாவது ஒரே லாபத்தை இரண்டு முறை காட்டி ஒரு தடவை முன்னுரிமைப் பங்குக்காரர்களுக்கும் இன்னொரு தடவை தங்களுக்கும் வெளியே அனுப்பியிருப்பார்கள், நாகர்கோவில்காரரின் பாதுகாப்பு 12 லட்சம் மெலிந்திருக்கும். காப்பு போட்டபின் அவர்களால் அதிகபட்சம் 13 லட்சம்தான் தொட முடியும்.

அப்படியானால் அந்த 12 லட்சம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. இதுதான் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுமாறும் இடம். காப்பு என்றதும் பீரோவில் எடுத்து வைத்த பணம், தனி டெபாசிட் என்று நினைக்கிறார்கள். பணம் சொத்துப் பக்கத்து விஷயம், அது சித்தப்பாவோடு போய்விட்டது. காப்பு என்பது பொறுப்புப் பக்கத்தில் லாபத்தின் பெயரை மாற்றி எழுதியது மட்டும்தான். வங்கியில் ஒரு ரூபாய்கூட அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. வெறும் பெயர் மாற்றம்தானே என்று தோன்றும், ஆனால் எவ்வளவு டிவிடெண்ட் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்வதே அந்தப் பெயர்தான்.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் தெளியும். மீட்புக்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்: ரொக்கம் இருக்கிறதா, லாபம் இருக்கிறதா? லாபம் இருந்து ரொக்கம் இல்லையென்றால் வங்கியில் கடன் வாங்கிக்கூடச் செக் கொடுக்கலாம், காப்பை லாபம் பார்த்துக்கொள்ளும். ஆனால் கடன் பத்திரம் விற்றோ ஓவர்டிராஃப்ட் எடுத்தோ வந்த பணத்தைப் "புது வெளியீடு" என்று காட்டிக் காப்பைக் குறைக்க முடியாது, சட்டம் கேட்பது புதுப் பங்கு. அந்தப் புதுப் பங்கையும் ப்ரீமியத்தோடு விற்றால் முகமதிப்பு மட்டுமே கணக்கில் சேரும். 8 லட்சம் முகமதிப்பை 10 லட்சத்துக்கு விற்றாலும் காப்பு 12தான், கூடுதலாக வந்த 2 லட்சம் பங்கு ப்ரீமியக் கணக்குக்குப் போய்விடும். நிலத்தை மறுமதிப்பீடு செய்து ஏற்றிய தொகையிலிருந்தும் காப்பு போட முடியாது, ஏனென்றால் அது டிவிடெண்டாகக் கொடுக்கக்கூடிய லாபமே இல்லை.

ரொக்கம் இருந்து லாபம் இல்லை என்பதுதான் சங்கடமான நிலை. அப்போது புதுப் பங்கு வெளியிடாமல் மீட்கவே முடியாது. வாங்க ஆளும் இல்லையென்றால், முன்னுரிமைப் பங்கின் மதிப்பில் நாலில் மூன்று பங்கு வைத்திருப்பவர்களின் சம்மதத்தோடு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு (நமக்குச் சென்னை அமர்வு) போய், பழைய பாக்கிக்குப் பதில் புது முன்னுரிமைப் பங்கு கொடுக்க அனுமதி வாங்கலாம். சம்மதிக்காதவர்களுக்கு உடனே பணம் கொடுத்து மீட்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடும். ஆக, சொந்தக்காரர்கள்தானே என்று கம்பெனி அசட்டையாக இருந்துவிட முடியாது. முழுத்தொகையும் கட்டப்படாத பங்கு என்றால் முதலில் மீதியைக் கேட்டு வாங்கி முழுமையாக்கிவிட்டுத்தான் மீட்க வேண்டும் என்பதும் உண்டு. மீட்டபின் 30 நாளுக்குள் SH-7 படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பூட்டிய அந்த 12 லட்சம் நிரந்தரமாக முடங்கிக் கிடக்குமா என்றால் இல்லை, சட்டமே ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது: முழுவதும் செலுத்தப்பட்ட போனஸ் பங்காக உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். நட்டத்தை அழிக்க இதைத் தொட வேண்டுமென்றால் மூலதனக் குறைப்புக்கு உரிய நடைமுறை முழுவதையும் தாண்டித் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் பெற வேண்டும். பாதி கட்டிய பங்கை முழுப் பங்காக மாற்றவும் இதை எடுக்கக் கூடாது. போனஸுக்கு மட்டும் இவ்வளவு தாராளம் ஏன் என்றால், அதில் கம்பெனியை விட்டு ஒரு பைசாவும் வெளியே போவதில்லை. நம் கப்பலூர் கம்பெனி 12 லட்சத்துக்குப் போனஸ் கொடுத்தால் காப்பு பூஜ்யம் ஆகும், சாதாரணப் பங்கு 48 என்பது 60 ஆகும், வங்கியில் அதே 15 லட்சம் இருக்கும்.