ஒரே நாளில் உதிர்ந்த மாங்காய்கள், ஒரு வாரச் சமையல்

மே மாதக் கோடைமழைக் காற்றில் வீட்டு மாமரம் ஒரே இரவில் நாற்பது காய்களை உதிர்த்துவிட்டால், அவற்றை ஒரே கூடையில் கொட்டி மூடிவைக்கக் கூடாது. மாங்காய் பறித்த பின்னும் மூச்சுவிடுகிறது. பழுக்கத் தொடங்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயு பக்கத்துக் காய்களையும் பழுக்கத் தூண்டும். அடிபட்ட காயிலிருந்து அது கூடுதலாக வெளிப்படுவதால், விரிசல் விழுந்த இரண்டு மூன்று காய்களே கூடை முழுவதையும் ஒரே நேரத்தில் கனியவைத்துவிடும்.

ஆகவே முதல் வேலை பிரிப்பதுதான். காம்பருகே இரு தோள்களும் புடைத்து, தண்ணீரில் இட்டால் மூழ்குவது பெரும்பாலும் முற்றிய காய். அதில் சேமித்திருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, புளிப்பும் குறைந்து, நல்ல பழமாகும். மிதக்கும் இளங்காயில் அந்தச் சேமிப்பு போதாது; எத்தனை நாள் வைக்கோலில் வைத்தாலும் அது சுருங்குமே தவிர இனிக்காது.

முதல் இரண்டு நாள் சமையலுக்கு அடிபட்டவையும் இளங்காய்களும் போகட்டும். கறுத்த பகுதியை நீக்கிவிட்டு முதல் நாள் மாங்காய் சாதமும், மறுநாள் மாங்காய் சாம்பாரும் செய்யலாம். மீதியைத் துருவித் தொக்காக்குவதே சிறந்தது என்பது என் கருத்து. உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து நல்லெண்ணெயில் கிளறும்போது நீர் வற்றுகிறது; எஞ்சும் நீரை உப்பு கட்டிவைக்கிறது; காயின் புளிப்பும் பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்பதே நீர் போதிய அளவு வற்றியதன் அடையாளம். ஆறிய பின் உலர்ந்த பாட்டிலில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாரம் முழுவதும் தயிர்சாதத்துக்கு அது உதவும்.

முற்றிய காய்களை ஒன்றின்மேல் ஒன்று படாமல் காற்றோட்டமான நிழலில் பரப்ப வேண்டும். பச்சைக்காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது பலர் செய்யும் தவறு. ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் செல் சவ்வுகள் பழுதடைவதால் தோல் சாம்பல் நிறமாகிக் குழிவிழும். வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது, மணமும் வராது. பழுத்தபின் வைத்தால் அந்தத் தீங்கு மிகவும் குறைவு.

மூன்றாம், நான்காம் நாள்களில் சில காய்கள் செங்காயாகும். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்தப் பருவம் வெல்லம் சேர்த்த பச்சடிக்கு மிகவும் ஏற்றது. விருந்தினருக்காக விரைவில் பழம் வேண்டுமானால், நாலைந்து காய்களை மட்டும் ஒரு பழுத்த பழத்துடன் காகிதப் பையில் மூடிவைக்கலாம். எத்திலீன் பைக்குள் தங்கி அவற்றை முந்திக் கனியவைக்கும்.

ஐந்தாம் நாள் முதல் தினமும் ஒவ்வொரு பழத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மரத்திலிருக்கும்போதே தோலில் ஒட்டி உறங்கும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை, பழம் கனிந்ததும் விழித்துக் கரும்புள்ளிகளாகப் பரவும். புள்ளி தோலளவில் நின்றிருந்தால், அப்பகுதியை ஆழமாக வெட்டி நீக்கி, அன்றே மாம்பழ மோர்க்குழம்பு வைத்துவிடலாம். காம்படி கறுத்துக் குழைந்திருந்தாலோ, கள் போன்ற புளித்த வாடை வந்தாலோ முழுப்பழத்தையும் எருக்குழியில் போட வேண்டும். ஏழாம் நாள் எஞ்சும் நல்ல பழங்களின் சதையைக் கூழாக்கி உறையவைத்தால், அடுத்த காற்றடிக்குள் கூடை காலியாகிவிடும்.